நூறு படகுக்கு இருபதாயிரம், பத்தாயிரம் படகுக்கு ஒன்பதாயிரம்: காப்புறுதியின் கணக்கு

கற்பிட்டிக் கரையில் காப்புறுதி பற்றிப் பேச்செடுத்தால் அநேகமாக ஒரே கேள்விதான் வரும். "வருசா வருசம் கட்டுறம், ஒண்டும் நடக்கேல்ல. அந்தக் காசு எங்க போகுது?" கேள்வி நியாயமானதுதான். சீட்டுக் கட்டினால் ஒரு நாள் நம் முறை வரும். காப்புறுதியில் பெரும்பாலானோருக்கு முறை வருவதேயில்லை. அவர்களுடைய பணம் அந்த வருடம் படகிழந்த யாரோ ஒருவரிடம் போய்விடுகிறது.

கணக்கு விளங்குவதற்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். ஒரு படகு என்ஜினின் விலை 4 இலட்சம் ரூபா. ஆண்டுக்கு ஐம்பது என்ஜினில் ஒன்று கடலிலோ களவிலோ போகிறது. அப்படியானால் ஒரு படகின் பங்கு, 4 இலட்சத்தை ஐம்பதால் பிரித்த 8,000 ரூபா.

பத்துப் பேர் மட்டும் சேர்ந்து ஆளுக்கு 8,000 போட்டால் கையில் 80,000 இருக்கும். நூறு ஆண்டுகளில் ஏறக்குறைய 82 ஆண்டுகளில் ஒரு என்ஜினும் போகாது. மீதி 18 ஆண்டுகளில் ஒன்றாவது போகும், அப்போது அந்தப் பணம் கால்வாசிக்குக்கூடக் காணாது. நூறு பேர் சேர்ந்தால் சராசரியாக ஆண்டுக்கு இரண்டு என்ஜின் போகும். ஆனால் ஒரு கெட்ட ஆண்டில் ஐந்து போகலாம். நூறில் 98 ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் ஐந்து என்ஜினுக்கான 20 இலட்சம் கையில் இருக்கவேண்டும். அதாவது ஆளுக்கு 20,000.

இனிப் பத்தாயிரம் படகு. சராசரி இழப்பு 200 என்ஜின். அதே 98 ஆண்டுப் பாதுகாப்புக்கு 230 என்ஜினுக்குப் பணம் இருந்தால் போதும். ஆளுக்கு 9,200 ரூபா. படகுகள் நூறு மடங்கு கூடினாலும் ஏற்ற இறக்கம் பத்து மடங்குதான் கூடுகிறது. பேரெண் விதி என்பது இதுதான். யாருடைய என்ஜின் போகும் என்று எவருக்கும் தெரியாது, ஆனால் மொத்தம் எத்தனை போகும் என்பது எண்ணிக்கை பெருகப் பெருகத் தெளிவாகிறது. இதற்கு மேல் அலுவலகச் செலவும் இலாபமும் சேரும் என்பது வேறு விடயம். சிறிய குழுவிலும் ஒரு நன்மை உண்டு. ஒருவரை ஒருவர் தெரியும், "என்ஜின் களவு போயிற்று" என்று பொய் சொல்ல முடியாது. எங்கள் ஊர்களில் மரண சகாயச் சங்கங்கள் நிலைப்பதற்கு அது ஒரு காரணம். சாவுகள் ஒவ்வொன்றாக வருவது மற்றக் காரணம்.

அந்த "ஒவ்வொன்றாக" என்ற சொல்லில்தான் முழுக் கணக்கும் தங்கியிருக்கிறது. கரையோரமாகத் தெற்கே முந்தல், சிலாபம் பக்கம் போனால் இறால் பண்ணைகள். அவற்றில் பல ஒல்லாந்தர் கால்வாயிலும் அதனோடு சேர்ந்த களப்புகளிலும் நீரெடுத்து, கழிவு நீரையும் அங்கேயே விடுகின்றன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது ஒரு குளத்தின் நீர் அடுத்த குளத்துக்கு நோயைக் கொண்டுபோனது. நோய் கண்ட குளத்தில் சில நாட்களிலேயே இறால் செத்துவிடும். ஆயிரம் குளங்கள் இருந்தாலும், நீர் ஒன்றாக இருந்தால் கணக்குக்கு அவை ஒரு குளம் மாதிரித்தான். அங்கே ஆயிரம் பேரிடம் தவணை வாங்கினாலும் பேரெண் விதி உதவிக்கு வராது.

போரும் அப்படியே. சாதாரணக் காப்புறுதிப் பத்திரங்கள் போர் இழப்பை விலக்கிவைப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த முஸ்லிம் குடும்பங்கள் எல்லாமே ஒரே நாட்களில் வீட்டையும் கடையையும் இழந்தவை. ஊருக்குள் எவ்வளவு பெரிய நிதி இருந்திருந்தாலும், கட்டியவரும் இழந்தவரும் ஒருவரேயாக இருக்கும்போது யார் யாருக்குக் கொடுப்பது?

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும் இழப்புக்கு ஒரு வழி, அந்த இழப்பு எட்டாத இடத்தில் இருப்பவர்களையும் நிதியில் சேர்ப்பது. அதைத்தான் மீள்காப்புறுதி என்கிறார்கள். 2016 ஏப்ரலில் இலங்கை அரசு தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக இயற்கை அனர்த்தங்களுக்கு ஆயிரம் கோடி ரூபா வரையான காப்புறுதியைத் தொடங்கி, அதன் சுமையை வெளிநாட்டு மீள்காப்புறுதி நிறுவனங்களிடம் பகிர்ந்துகொண்டது. அடுத்த மாதமே பெருவெள்ளமும் அரநாயக்க மண்சரிவும் வந்தன. இங்கே வெள்ளம் வந்த வாரத்தில் உலகின் வேறு மூலைகளில் வீடுகள் காய்ந்தே இருக்கும், அங்கிருந்து சேரும் தவணை இங்கே வரும்.

இன்னொரு வழி, இழப்புகளையே பிரித்துவிடுவது. இறால் பண்ணைகளை நீர்நிலைகளின்படி வலயங்களாக்கி, எந்த வலயம் எப்போது குஞ்சு விடலாம் என்று பயிர்க் காலஅட்டவணை போடுகிறார்கள். அதை நோய்த்தடுப்பு என்றே எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு அது காப்புறுதிக்கான முதல் வேலையாகவும் தெரிகிறது. ஒரு வலயத்தில் நோய் வரும்போது மற்ற வலயத்தில் குளங்கள் காலியாகவோ தள்ளியோ இருந்தால், அவை மறுபடியும் தனித்தனிக் குளங்களாகின்றன. ஒரு பண்ணையாளர் அட்டவணையை மீறி முந்திக் குஞ்சு விட்டால் அந்தப் பிரிவு உடைந்துவிடும்.