கூம்பு சொல்லும் மண்கதை

துளையிட்டு மண்ணை வெளியே எடுக்காமலேயே தரைக்குக் கீழே எந்த ஆழத்தில் மணல், எந்த ஆழத்தில் களிமண் என்று எப்படிச் சொல்கிறார்கள் என வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். அந்த வேலையைச் செய்வது ஓர் இரும்புக் கூம்பு. 1932இல் நெதர்லாந்தின் பொதுப்பணித் துறையைச் சேர்ந்த பொறியாளர் பாரென்ட்சன் அதைக் கையாலேயே அழுத்தி இறக்கினார். இன்று கனமான லாரி ஒன்று நொடிக்கு 2 சென்டிமீட்டர் என்ற சீரான வேகத்தில் அதை உள்ளே தள்ளுகிறது. கூம்பின் விட்டம் 36 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

பரிசல்காரர் கழியை ஊன்றும்போதே ஆற்றின் அடியில் இருப்பது சேறா மணலா என்று அவருடைய கைக்குத் தெரிந்துவிடும். முனை எவ்வளவு எதிர்ப்பைச் சந்திக்கிறது, பக்கவாட்டில் மண் எவ்வளவு ஒட்டிப் பிடிக்கிறது என்ற இரண்டையும்தான் அந்தக் கை உணர்கிறது. கூம்பும் இவற்றையே அளக்கிறது. முனைக்குப் பின்னால் உள்ள உறை, பக்கவாட்டு உராய்வைத் தனியாகப் பதிவு செய்கிறது. மணலில் முனை எதிர்ப்பு மிக அதிகம். உராய்வு அதில் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். களிமண்ணில் எதிர்ப்பு குறைந்து, உராய்வு விகிதம் மூன்று, நான்கு சதவீதத்துக்கு ஏறும். மக்கிய தாவரங்கள் நிறைந்த கரிமண்ணில் அது இன்னும் கூடும். ஆம்ஸ்டர்டாமில் பதிவாகும் முனை எதிர்ப்பின் வரைபடத்தில், மேலே மென்மையான களியும் கரிமண்ணும் இருக்கும் இடத்தில் கோடு இடது ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும். சுமார் 12 மீட்டரில் மணல் வந்ததும் சட்டென்று வலப்பக்கம் பாயும். அந்நகரின் பழைய கட்டடங்களுடைய மரத்தூண்கள் நிற்பது அந்த மணலில்தான்.

கூம்பின் மிகச் சுவையான அளவு மூன்றாவது: நீரழுத்தம். முனைக்குச் சற்று மேலே ஒரு நுண்துளை வளையம் உண்டு. மென்களியில் கூம்பு புகும்போது மண் நசுங்கும், நீருக்கு வெளியேற நேரம் கிடைக்காது, அழுத்தம் எகிறும். மணலிலோ நீர் உடனே ஓடிவிடும். களிக்கு நடுவே இரண்டு விரல் தடிப்பில் ஒரு மணல் இழை இருந்தால், முனை எதிர்ப்பில் அது தெளிவாகத் தெரியாது. ஏனெனில் முனை தனக்கு மேலும் கீழும் உள்ள மண்ணையும் சேர்த்தே உணர்கிறது. நீரழுத்தக் கோடு மட்டும் அந்த இடத்தில் சட்டென்று சரிந்து காட்டிக்கொடுத்துவிடும். களி எவ்வளவு வேகமாக நீரை வடித்து இறுகும் என்பதை இத்தகைய இழைகள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

வளையத்துக்குள் காற்றுப் புகுந்துவிட்டால் எல்லாம் கெட்டது. முனை எதிர்ப்பு துள்ளும் இடங்களில்கூட நீரழுத்தக் கோடு வழவழவென்று மந்தமாகப் போனால், வளையம் கிளிசரினிலோ சிலிக்கான் எண்ணெயிலோ சரியாக ஊறவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

இனி வலிமைக் கணக்கு. நீர் வெளியேறுமுன் களி தாங்கும் வெட்டு வலிமைதான் இங்கே தேவை. ஒரு மாதிரிக் கணக்கு: நிலத்தடி நீர் தரைமட்டத்தில் நிற்கும் மென்களி, ஆழம் 8 மீட்டர், முனை எதிர்ப்பு 260 கிலோபாஸ்கல், நீரழுத்தம் 180. முனைக்குப் பின்புறம் உள்ள இடுக்கில் நீர் புகுந்து உணர்கருவியை எதிர்த்திசையில் தள்ளுவதால் அளவு குறைந்தே பதிவாகும். இந்தக் கூம்பின் அமைப்புக்கு நீரழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 36, சேர்த்தால் 296. மேலே கிடக்கும் மண்ணின் எடை தரும் 128ஐக் கழித்தால் மிச்சம் 168. இதைக் கூம்புக் காரணி 14ஆல் வகுத்தால் வலிமை 12 கிலோபாஸ்கல்.

மேல்மண் எடையைக் கழிக்க மறந்தால் விடை 21. களி முழுவதும் இதே வலிமை என்று கொண்டால், கன மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் எடையுள்ள அகலமான மண்கரை சுமார் 3 மீட்டர் உயரத்திலேயே சரிந்துவிடும். தவறான கணக்கோ 5 மீட்டருக்கு மேலும் தாங்கும் என்று சொல்லும்.

இந்த 14 எங்கிருந்து வந்தது? களியைப் பொறுத்து அது 10 முதல் 18 வரை மாறும். அதற்கேற்ப வலிமையும் 17இலிருந்து 9 வரை இறங்கும். அதே தளத்தில் நான்கு இறக்கை கொண்ட தகட்டைக் களிக்குள் சுழற்றியோ, கலையாத மாதிரியை ஆய்வகத்தில் சோதித்தோதான் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். செலவை மிச்சப்படுத்த நூலில் உள்ள எண்ணை எடுத்துப் போட்டுவிடும் பழக்கம் வருத்தத்துக்குரியது. கூம்புக்குக் கொடுத்த பணம் அங்கே பாதி வீணாகிறது.

உணர்கருவியின் சுழிய அளவு நகர்வதும் அப்படியே கணக்கைக் கெடுக்கும். கடினமான மணலுக்கென்று 50,000 கிலோபாஸ்கல் வரை அளக்கும் கருவியில், சுழிய அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 50, நகர்ந்தாலும் மணலில் அது பொருட்டல்ல. மேலே கண்ட களியிலோ வலிமை 12க்குப் பதில் 15க்கு மேல் வந்துவிடும்.

மென்களி நிலத்தில் கட்டவிருப்போர் ஆய்வறிக்கை கைக்கு வந்ததும் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: கூம்பை இறக்குமுன்னும் எடுத்த பின்னும் குறித்த சுழிய அளவுகள், கூம்புக் காரணியை எந்தச் சோதனையோடு ஒப்பிட்டுப் பெற்றார்கள் என்ற விவரம்.