கிட்டார் படத்தில் புள்ளிகள் சொல்வது என்ன?

கிட்டார் பழகும் இளையர்கள் பலர், புத்தகத்தில் உள்ள கார்ட் படத்தைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே விரல் வைக்கிறார்கள். புள்ளி இருக்கும் இடத்தில் விரல் வைத்தும் ஒலி சரியாக வராவிட்டால் தங்கள் விரலையே குறை சொல்கிறார்கள். ஆனால் பல வேளைகளில் குறை விரலில் இல்லை. படத்தைப் படித்த முறையில் இருக்கிறது.

நிமிர்ந்து நிற்கும் கிட்டார்

பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதே கார்ட். அதன் படம், நம்மைப் பார்த்தபடி நிமிர்ந்து நிற்கும் கிட்டாரின் கழுத்தைக் காட்டுகிறது. மேலிருந்து கீழாக ஓடும் ஆறு கோடுகளும் ஆறு தந்திகள். இடது ஓரத்தில் இருப்பது மிகத் தடித்த தந்தி. வலது ஓரத்தில் இருப்பது மிக மெல்லியது. இடமிருந்து வலமாக அவற்றின் பெயர் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. குறுக்குக் கோடுகள் ஃபிரெட்கள். வீணையின் மெட்டுகளைப் போன்றவை இவை. உச்சியில் தடிப்பாக ஒரு கோடு இருந்தால் அது நட். கழுத்து தொடங்கும் இடம் அதுவே.

புள்ளி இரு கோடுகளுக்கு இடையே இருக்கும். விரலையும் அந்த இடைவெளியில், கீழ்க்கம்பிக்குச் சற்று முன்னால் அழுத்த வேண்டும். கம்பியின் மேலேயே அழுத்தினால் ஒலி மங்கிவிடும்.

சி மேஜர் கார்டைப் பார்ப்போம். ஏ தந்தியில் மூன்றாம் கட்டத்திலும், டி தந்தியில் இரண்டாம் கட்டத்திலும், பி தந்தியில் முதல் கட்டத்திலும் புள்ளிகள் உள்ளன. ஜி தந்திக்கும் மெல்லிய ஈ தந்திக்கும் மேலே வெற்று வட்டம்: விரல் வைக்காமல் ஒலிக்கவிட வேண்டும். தடித்த ஈ தந்திக்கு மேலே பெருக்கல் குறி: அதை மீட்டவே கூடாது. மூன்று புள்ளி, இரண்டு வட்டம், ஒரு பெருக்கல் குறி, மொத்தம் ஆறு. கணக்கு ஆறுக்குக் குறைந்தால் படத்தில் ஏதோ ஒன்று மங்கியிருக்கிறது அல்லது வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள்.

எண்கள் இரண்டு வகை

புள்ளிக்குள் எழுதிய எண் விரலைக் குறிக்கும். ஆள்காட்டி விரல் 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3, சுண்டுவிரல் 4. சி மேஜரில் மூன்றாம் கட்டத்தில் மூன்றாம் விரல், இரண்டாம் கட்டத்தில் இரண்டாம் விரல் என்று அமைந்துவிடுவதால், அந்த எண்ணையே கட்ட எண்ணாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். ஜி மேஜருக்கு வந்ததும் குழப்பம் தொடங்குகிறது. அதில் தடித்த தந்தியின் புள்ளிக்குள் 2 என்று இருக்கும். ஆனால் புள்ளி இருப்பது மூன்றாம் கட்டத்தில்.

கட்டத்தைச் சொல்லும் எண் படத்தின் ஓரத்தில் 3fr என்பதுபோல் நிற்கும். மேலே தெரியும் முதல் கட்டம் கழுத்தின் மூன்றாம் ஃபிரெட் என்பது இதன் பொருள். அப்படிப்பட்ட படத்தில் பெரும்பாலும் நட்டின் தடித்த கோடு இருக்காது.

ஓரம் வெட்டுப்பட்டால்

சி மேஜரையே கழுத்தின் நடுப்பகுதியில் வாசிக்க இன்னொரு வடிவம் உண்டு. முதல் கட்டத்தில் ஏ தந்தி முதல் மெல்லிய ஈ வரை ஒரு பட்டைக்கோடு. ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டும். மூன்றாம் கட்டத்தில் டி, ஜி, பி தந்திகளில் புள்ளிகள். ஓரத்தில் 3fr. ஆகவே பட்டை மூன்றாம் ஃபிரெட்டிலும், புள்ளிகள் ஐந்தாம் ஃபிரெட்டிலும் அமைகின்றன.

படம்பிடிக்கும்போது அந்த ஓரம் வெட்டுப்பட்டால், பார்ப்பவர் நட்டிலிருந்து எண்ணி, முதல் ஃபிரெட்டிலும் மூன்றாம் ஃபிரெட்டிலும் விரல் வைப்பார். எழும் ஒலி சி மேஜர் அன்று, பி ஃபிளாட் மேஜர். தனியாகக் கேட்டால் அது இனிமையாகவே ஒலிக்கும். அதனால் பிழை தெரியாது. பிறர் சி மேஜர் வாசிக்கும்போதுதான் மோதும்.

வெட்டுப்பட்ட எண்ணை மீட்க வழி உண்டு. ஒலிக்கும் தந்திகளில் மிகத் தடித்ததைப் பார்க்க வேண்டும். இங்கே அது ஏ தந்தி. விரல் வைக்காமல் மீட்டினால் ஏ, முதல் ஃபிரெட்டில் பி ஃபிளாட், இரண்டில் பி, மூன்றில் சி. கார்டின் பெயர் சி என்பதால் பட்டை மூன்றாம் ஃபிரெட்டில்தான் இருக்க வேண்டும்.

பெயரில் சாய்கோடு போட்டு இரண்டாவது எழுத்து இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போது மிகத் தடித்த தந்தி ஒலிக்க வேண்டிய சுரம் அந்த இரண்டாவது எழுத்து. மற்றபடி, பெயரும் தடித்த தந்தியின் சுரமும் ஒத்துப்போகாவிட்டால், விரலை மாற்றும் முன் படத்தின் ஓரத்தை மீண்டும் பார்ப்பது நல்லது.