ஒரு நடைக்கு எவ்வளவு மண்?

அடித்தளம் கட்டி முடித்த வீட்டுக்கு மண் நிரப்ப வேண்டும். நீளம் 30 அடி, அகலம் 20 அடி, உயரம் 2 அடி. பெருக்கினால் 1,200 கன அடி. டிராக்டர் டிரெய்லர் பெட்டியின் உள்ளளவு 9 அடி, ஐந்தரை அடி, 2 அடி, அதாவது 99 கன அடி. நம் ஊரில் 'ஒரு யூனிட்' என்கிற 100 கன அடிக்குப் பக்கத்தில் வருகிறது. அப்படியானால் 13 நடை போதும் என்று தோன்றும். போதாது.

வெட்டிய மண் தளர்வாக இருக்கும். தண்ணீர் விட்டுக் குத்தினால் படிந்துவிடும். அதனால் கெட்டிப்பட்ட 1,200 கன அடிக்குத் தளர்ந்த மண்ணைக் கால் பங்கு கூட்டி, சுமார் 1,500 கன அடி கொண்டுவர வேண்டும். அதை 99 ஆல் வகுத்தால் 15-க்குச் சற்று மேல் வரும். எனவே 16 நடை.

அடுத்தது எடை. டிரெய்லரின் பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால், எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரியும். இந்த டிரெய்லருக்கு 4 டன் என்று வைத்துக்கொள்வோம். மண்ணின் எடையை அறிய 20 லிட்டர் பெயின்ட் வாளி போதும். அதைத் தளும்பாமல் நிரப்பித் தராசில் வையுங்கள். வாளி எடை போக 27 கிலோ நின்றால், கன அடிக்கு 38 கிலோ. 99 கன அடிக்கு 3.8 டன்தான். பெட்டியை மட்டமாக நிரப்பலாம்.

மழைக்குப் பின் அதே வாளி 34 கிலோ காட்டினால், கன அடிக்கு 48 கிலோ ஆகிவிடும். 4 டன் என்பது 83 கன அடியிலேயே முடிந்துவிடும். மண் 20 அங்குலம் ஏறியதும் நிறுத்த வேண்டும். மேலே 4 அங்குலம் காலியாக நிற்கும். நடை 19 ஆகும்.

கன அடிக்கு 45 கிலோ உள்ள மணலையும் இந்தப் பெட்டியில் முழுக்க நிரப்பக் கூடாது. மேலே இரண்டு அங்குலத்துக்கு மேல் விட வேண்டும். செங்கல்லை எண்ணிக்கையால் கணக்கிடலாம். ஒன்று 3 கிலோ என்றால் 1,300 கல் ஏற்றலாம். நனைந்து மூன்றரை கிலோ ஆனால் 1,140-க்குள் நிறுத்துங்கள்.

ஆக, பெட்டி கொள்வது, டிரெய்லர் தாங்குவது இரண்டையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதையே ஒரு நடையின் அளவாகக் கொள்ள வேண்டும். குவித்து ஏற்றினால் இரண்டு நடை மிச்சமாகலாம். ஆனால் மேட்டில் ஏறும்போது பின்பாரம் இழுத்து முன்சக்கரம் தரையை விட்டு எழும், ஸ்டியரிங் பிடிக்காது. இறக்கத்தில் பிரேக் பிடித்தாலும் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். டயர் பக்கவாட்டில் பிதுங்கி நிற்பதைப் பார்த்தால், புறப்படுவதற்கு முன்பே கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.