மண்சுவரை மழை எங்கே தின்கிறது?

கிராமத்துப் பக்கம் போகும்போது ஆள் இல்லாமல் கிடக்கும் மண்வீட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சுவரின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தரையை ஒட்டிய ஒரு முழ உயரம் அரித்துப் போயிருக்கும். அடுத்ததாக, ஓடு விலகிய இடத்தில் சுவரின் தலை கரைந்து, மண் கோடாக வழிந்திருக்கும். மண்சுவர் சாவது இந்த இரண்டு இடங்களில்தான். அடியும் கூரை விளிம்பும் சரியாக இருந்துவிட்டால் நடுச்சுவரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பிரான்சில் லியோன் நகரைச் சுற்றி இடித்த மண்ணால் கட்டிய பழைய வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். வாசிக்க ஒரு அறை, விதை வைக்க ஒரு அறை, எதற்கானாலும் சரி. சுவர் ஓரடி கனம், எட்டடி உயரம். ஒரு கதவு, இரண்டு ஜன்னல். கணக்குப் போட்டால் இறுகிய சுவர் சுமார் 345 கன அடி வரும். ஆறு அங்குலம் தளர்வாகக் கொட்டிய மண் இடித்தபின் நாலு அங்குலமாகிறது. ஆகவே ஒன்றரை மடங்கு மண் வேண்டும். சேதாரத்தையும் சேர்த்து ஆறு யூனிட் என்று சொல்லி வைக்கலாம்.

எந்த மண்? மேல்மண் ஆகாது, அதில் வேரும் மட்கும் இருக்கும். கரிசலும் ஆகாது, அது ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும். பொடிக்கல்லும் மணலும் மிகுந்த செம்மண் நல்லது. கண்ணாடி பாட்டிலில் கால் பாகம் மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் உப்பு சேர்த்துக் குலுக்கி ஒருநாள் வையுங்கள். கல்லும் மணலும் அடியில், வண்டல் அதன்மேல், களி எல்லாவற்றுக்கும் மேல் தங்கும். களி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் மணல் சேர்க்க வேண்டும். களியே இல்லாவிட்டால் மண் ஒட்டாது.

ஈரம்தான் அடுத்த விஷயம். மண்ணை உள்ளங்கையில் அழுத்தி உருண்டை பிடித்து, மார்பு உயரத்திலிருந்து கட்டாந்தரையில் போட வேண்டும். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. பொடியானால் ஈரம் போதாது. உடையாமல் சப்பையானால் ஈரம் அதிகம், அந்தச் சுவர் காய்கையில் வெடிக்கும். பதமான மண்ணை இரண்டு பலகைகளுக்கு நடுவில் கொட்டி, ஆறேழு கிலோ திமிசால் ஓரத்திலிருந்து நடுவுக்கு இடித்து வருவார்கள். முதலில் மொத்தென்று கேட்கும் சத்தம் போகப்போகக் கணீரென்று ஆகும். திமிசும் மண்ணில் பதியாமல் துள்ளத் தொடங்கும். அந்த வரிசை முடிந்தது என்று அர்த்தம். இப்படி இருபத்துநாலு வரிசை இடித்தால் எட்டடி.

இனி அடி. வானம் தோண்டிக் கெட்டித் தரைமேல் கருங்கல் வைத்து, பேஸ்மட்டத்தைத் தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது எழுப்ப வேண்டும். கூரையிலிருந்து விழும் நீர் தரையில் மோதித் தெறிப்பது ஏறக்குறைய அந்த உயரம்தான். அதன் தலையில் ஓரங்குலக் கனத்துக்கு நீர்க்காப்புக் கலவை சேர்த்த கான்கிரீட் பட்டை போட்டால், தரையிலிருந்து ஏறும் ஓதம் அங்கேயே நின்றுவிடும். மண்சுவர் அதற்கு மேல்தான் தொடங்க வேண்டும்.

பலரும் தவறு செய்வது இங்கேதான். பேஸ்மட்டத்தை சுவரைவிட இரண்டு அங்குலம் வெளியே நீட்டி, அழகுக்கு ஒரு படி போல விடுவார்கள். சுவரில் வழியும் நீர் அந்தப் படியில் தேங்கி, மண்ணின் காலை நனைத்துக்கொண்டே இருக்கும். சுவரின் வெளிமுகம் பேஸ்மட்டத்தோடு ஒட்டியோ, அரை அங்குலம் வெளியேயோ இருக்கட்டும். பூச்சையும் தரைவரை இழுக்கக் கூடாது. கான்கிரீட் பட்டைக்கு மேலேயே நிறுத்தி, நீர் சொட்டி விழும்படி அதன் கீழ்விளிம்பை வெளிச்சாய்வாக விட வேண்டும். பூச்சு பட்டையைத் தாண்டி இறங்கினால் ஓதம் பூச்சு வழியே ஏறிவிடும். சுற்றிலும் மூன்றடி அகலத்துக்கு ஜல்லி பரப்பி வெளிப்பக்கம் சரிவு விட்டால் தெறிப்பும் குறையும்.

கூரை விளிம்பு இரண்டரை அடி நீளட்டும். அந்த நீளத்துக்குக் காற்றோடு சாய்ந்து 45 பாகையில் வரும் மழையில் சுவரின் மேல் இரண்டரை அடிதான் நனையாமல் தப்பும். கீழே ஐந்தரை அடி நனையும். அதற்காகக் கூரையை நாலடி நீட்டினால் புயல் காற்று அதைப் பிடித்துத் தூக்கிவிடும். ஆகவே கூரை ஒரு பகுதியைக் காக்கட்டும், மீதியைப் பூச்சு பார்த்துக்கொள்ளும். முக்கோணச் சுவர் பக்கமும் கூரை நீளவேண்டும் என்பதை மறக்காதீர்கள், அங்கேதான் பல வீடுகளில் நீட்டம் இருக்காது.

சுவரின் தலையில் நாலு அங்குலக் கம்பி கான்கிரீட் பட்டை சுற்றிப் போய் நாலு சுவரையும் கட்டிப் போட வேண்டும். மண் எடையைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே கூரைச் சட்டங்களைப் பட்டையோடு மட்டும் கட்டாமல், இரண்டு அடி கீழே சுவருக்குள் இடித்துப் புதைத்த கட்டையோடு இரும்புப் பட்டியால் பிணைக்க வேண்டும். அப்போதுதான் காற்று தூக்கினால் சுவரின் எடையும் எதிர்த்து நிற்கும். ஓடு ஒன்று விலகி சுவரின் தலைக்குள் நீர் இறங்கினால் வெளியே தெரிய நாளாகும். கூரைக்குக் கீழே செம்பழுப்புக் கோடு தெரிந்தால் அன்றே ஏணி வையுங்கள்.

கடைசியாகப் பூச்சு. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே தொட வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். சிமெண்ட் பூச்சு வேண்டாம். அது மண்ணோடு சேர்ந்து அசையாது, உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடாது. ஒரு மழைக்காலம் கழித்துத் தட்டிப் பார்த்தால் வெற்றுப் பானை போல் சத்தம் வரும், பிறகு ஏடு ஏடாகக் கழன்று விழும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியேற விடும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் சில வாரம் ஊறவிட்டு, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைப்பது நம் ஊர் வழக்கம். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடித்த சுவர் வழவழப்பாக இருக்கும். தூசி தட்டி, குறுக்காகக் கீறி, தண்ணீர் தெளித்த பின்பே முதல் பூச்சைக் கரணையால் விசிறி அடிக்க வேண்டும். அதைக் கீறி, ஒரு வாரமாவது விட்டு இரண்டாவது பூச்சு, பிறகு மெல்லிய மூன்றாவது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது, அதற்கு ஈரமும் வேண்டும். வெயிலில் சட்டெனக் காய்ந்தால் கல்லாகாமல் பொடியாகிவிடும். விரலால் தேய்த்தால் வெள்ளை மாவு உதிரும். ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு நிழல் காட்டினால் இந்தக் கோளாறு வராது. வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மாதம் முன்பாவது பூச்சு வேலை முடிய வேண்டும்.

வெள்ளம் தேங்கும் இடத்துக்கும் குளியலறைக்கும் இந்தச் சுவர் ஆகாது. மற்ற இடத்தில் கட்டியவர்கள் ஐப்பசியின் முதல் கனமழையில் குடை பிடித்து ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். நீர் எங்கே சொட்டுகிறது, எங்கே தெறிக்கிறது, எங்கே நிற்கிறது என்று அப்போதே கண்ணால் பார்த்துவிடலாம். சரிசெய்ய வேண்டியது பெரும்பாலும் ஒரு ஓடும் ஒரு கூடை ஜல்லியும்தான்.