சக்திவேலுக்கு அடுத்த பெயர்

அப்ரைசல் பட்டியலில் யார் பெயருக்குக் கீழே யார் பெயர் வருகிறது என்பதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. கிடைத்த மதிப்பெண்ணைப் பார்ப்போம், சம்பள உயர்வைப் பார்ப்போம், மேனேஜருக்கு நம்மைப் பிடிக்கவில்லையோ என்று சந்தேகப்படுவோம். நமக்கு முந்தைய வரிசையில் யார் இருந்தார் என்று கேட்கத் தோன்றாது. ஆனால் ஒரே உட்காரலில் பல பேருக்கு மதிப்பெண் போடும்போது, அந்த முந்தைய பெயர் நம் மதிப்பெண்ணில் கை வைத்துவிடுகிறது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர்ப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. தரப் பரிசோதனைப் பிரிவின் மேனேஜர் மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு எக்செல் தாளோடு உட்காருகிறார். எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் நாலு தலைப்பு, ஒவ்வொரு தலைப்புக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எச்.ஆர். அனுப்பிய தாளில் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் இருக்கின்றன. சக்திவேல், அடுத்து செல்வி, அடுத்து சாந்தி.

‘வாடிக்கையாளர் புகார் அறிக்கை’ என்ற தலைப்பை மட்டும் பார்ப்போம். சக்திவேல் அந்தப் பிரிவின் நட்சத்திரம். புகார் வந்த மறுநாளே அறிக்கை தயார்; குறை எந்த மெஷினில், எந்த ஷிப்டில், எதனால் வந்தது என்று அடிவேர் வரை தோண்டிப் படத்தோடு கொடுத்துவிடுவார். மேனேஜர் தயங்காமல் 5 போடுகிறார். அடுத்து செல்வி. வருஷத்தில் அவர் கையாண்ட புகார்கள் 12. மூன்று நாள் கெடுவுக்குள் 9 அறிக்கைகள் போயிருக்கின்றன, மூன்று மட்டும் ஒன்றிரண்டு நாள் தாமதம். படம் விட்டுப்போனதால் இரண்டு அறிக்கைகள் திரும்பி வந்தன. சக்திவேலை நினைத்துக்கொண்டிருக்கும் மேனேஜருக்கு அந்தத் தாமதமும் விட்டுப்போன படமும்தான் உடனே ஞாபகத்துக்கு வருகின்றன. 3 போடுகிறார். அடுத்து சாந்தி, போன வருஷம்தான் சேர்ந்தவர்.

பக்கத்து அசெம்பிளி பிரிவில் முரளி என்று ஒருவர். செல்வி செய்த அதே அளவு வேலை, அதே அளவு தாமதம். ஆனால் அந்தத் தாளில் அவருக்கு முன்னால் இருப்பவர் மோகன். பாதி அறிக்கைகளை முடிக்காமலே விட்டவர். மோகனுக்கு 2 போட்டுப் பெருமூச்சு விட்ட மேனேஜருக்கு முரளியின் கோப்பைப் பார்த்ததும் நிம்மதி. அவருக்கு 4.

இரண்டு மேனேஜர்களிலும் ஓரவஞ்சனைக்காரர் யாரும் இல்லை. மைசூர்பாகு தின்ற வாய்க்கு டீயில் சர்க்கரை பற்றாது என்று தோன்றுவதுபோல, நாக்கு சொல்வது டீயைப் பற்றிய செய்தி மாதிரி இருக்கும், உண்மையில் அதற்கு முன் தின்றதைப் பற்றிய செய்தி. 3, 4 என்ற எண்களுக்குத் தானாக ஓர் அர்த்தம் கிடையாது. கையில் வேறு அளவுகோல் இல்லாதபோது, கடைசியாகப் பார்த்த ஆளையே மனம் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. உளவியலாளர்கள் இதை ஒப்பீட்டு விளைவு என்கிறார்கள்.

இதில் யார் அதிகம் அடிபடுகிறார்கள் என்பதை கென்னத் வெக்ஸ்லியும் கேரி யூக்கலும் அவர்களுடைய சகாக்களும் 1972இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அது வேலைக்கான நேர்காணலைப் பற்றியது. மிகத் திறமையான இரண்டு பேரைப் பார்த்த பிறகு நடுத்தரமான ஒருவரைப் பார்த்தால் அவர் மதிப்பெண் இறங்குகிறது. மிக மோசமான இருவருக்குப் பிறகு அதே நடுத்தர ஆள் ஏறிவிடுகிறார். வெகு திறமையானவரையும் வெகு மோசமானவரையும் இந்த ஆட்டம் அவ்வளவாகத் தொடவில்லை. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. சக்திவேல் எந்த வரிசையில் வந்தாலும் சக்திவேல்தான். அலுவலகங்களில் பெரும்பாலானவர்கள் நடுவில் இருப்பவர்கள்; அவர்களுடைய மதிப்பெண்தான் பக்கத்து ஆளைப் பொறுத்து ஆடுகிறது.

ஒரு புள்ளிதானே என்று விட்டுவிட முடியாது. நம் உதாரணக் கம்பெனியில் 4 வாங்கியவருக்கு 9 சதவீத உயர்வு, 3 வாங்கியவருக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 30,000 என்றால் வித்தியாசம் மாதம் 900 ரூபாய், வருஷத்துக்கு 10,800. அடுத்த வருஷ உயர்வு இந்தக் குறைந்த சம்பளத்தின் மேல்தான் கணக்காகும் என்பதால் பள்ளம் தானாக நிரம்பாது.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. தற்செயலாக வரும் பிழை என்றால் ஒரு வருஷம் இறக்கி, ஒரு வருஷம் ஏற்றி, காலப்போக்கில் ஓரளவு சரியாகிவிடும். ஆனால் அகரவரிசை வருஷா வருஷம் மாறுவதில்லை. பணியாளர் எண் வரிசையும் அப்படித்தான். சக்திவேல் வேலையை விடும்வரை, அல்லது இருவருக்கும் நடுவில் யாராவது புதிதாகச் சேரும்வரை, செல்வி அவருக்குப் பின்னால்தான் நிற்பார். மூன்று வருஷம் தொடர்ந்து 3 வாங்கியவரைப் பார்த்து, “அந்த அம்மா எப்பவும் சுமார்தான்” என்று பதவி உயர்வுக் கூட்டத்தில் ஒருவர் சொல்லும்போது, அவர் பார்ப்பது மூன்று தனித்தனிச் சாட்சிகளை என்று நினைக்கிறார். இருப்பது ஒரே சாட்சியின் மூன்று நகல்.

வரிசை குறுக்கிடுவதற்கு வேறு வழியும் உண்டு. டேனியல் சென், டோபியாஸ் மாஸ்கோவிட்ஸ், கெல்லி ஷூ மூவரும் 2016இல் வெளியிட்ட கட்டுரையில் இந்திய வங்கிக் கடன் அதிகாரிகளை வைத்து நடந்த ஒரு சோதனையின் விவரங்களை அலசினார்கள். ஒரு விண்ணப்பத்துக்குச் சரி சொன்ன அதிகாரி, அடுத்த விண்ணப்பத்துக்குச் சரி சொல்லும் வாய்ப்பு சற்றுக் குறைந்தது. ‘தொடர்ந்து நல்லதாகவே வருமா?’ என்கிற மனக்கணக்குதான் முக்கியக் காரணம் என்பது அவர்கள் முடிவு. சரியாகத் தீர்மானித்தால் நல்ல ஊக்கத்தொகை என்று வைத்தபோது இந்தச் சாய்வு குறைந்தது. அப்ரைசல் போடும் மேனேஜருக்கு அப்படி எந்த ஊக்கத்தொகையும் கிடையாது. தப்பாகப் போட்டால் அவருக்குத் தெரிய வருவதற்கே வழியில்லை.

எல்லா நேரமும் எதிர்ப்பக்கமாகத்தான் இழுக்கும் என்றும் சொல்ல முடியாது. ஜிம்னாஸ்டிக்ஸ் நடுவர்களைப் பற்றிய ஓர் ஆய்வில், முந்தைய வீரர் உயர்ந்த மதிப்பெண் வாங்கியிருந்தால் அடுத்தவருக்கும் சற்று உயர்ந்தே கிடைத்தது. இருவரையும் ஒரே ரகம் என்று மனம் சேர்த்துவிட்டால் பக்கத்து ஆளை நோக்கி இழுக்கும். வேறு ரகம் என்று பிரித்துவிட்டால் விலக்கித் தள்ளும். ‘நட்சத்திரம்’ என்று ஒருவருக்குப் பட்டம் கட்டிவிட்ட பிரிவில் தள்ளல்தான் அதிகம் எதிர்பார்க்க வேண்டியது.

இதையெல்லாம் மேனேஜரிடம் சொல்லி எச்சரித்தால் போதாதா? போதாது. வெக்ஸ்லி குழுவே 1973இல் இதைச் சோதித்தது. ஒப்பீட்டு விளைவு என்று ஒன்று உண்டு, ஜாக்கிரதை என்று சொன்னதால் பெரிய பலன் இல்லை. வீடியோவில் ஆட்களைப் பார்த்து மதிப்பெண் போட வைத்து, போட்டது ஏன் கோணலாயிற்று என்று உடனுக்குடன் காட்டி, திரும்பப் போடவைத்த பயிற்சிப் பட்டறைதான் வேலை செய்தது. 1975இல் கேரி லேதமும் வெக்ஸ்லியும் எலியட் பர்செலும் ஒரு பெரிய நிறுவனத்தின் 60 மேனேஜர்களிடம் இதைப் பார்த்தார்கள். பட்டறையில் பயின்றவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் பலன் நின்றது. நம் ஊரில் அப்ரைசல் சமயத்தில் நடக்கும் ஒரு மணி நேர ஸ்லைடு காட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பட்டறைக்கு வழியில்லாத மேனேஜர் தனியாகச் செய்யக்கூடியதும் உண்டு. முதல் தேவை, ஆளைச் சாராத ஓர் அளவுகோல். 1963இல் பட்ரீசியா ஸ்மித்தும் எல்.எம். கெண்டலும் நர்ஸுகளின் வேலையை மதிப்பிட இப்படி ஒன்றை உருவாக்கினார்கள். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே, கண்ணால் பார்க்கக்கூடிய நடத்தையை எழுதிவைப்பது அதன் சாரம். நம் தொழிற்சாலையில் 4 என்றால் ‘பெரும்பாலான அறிக்கைகள் கெடுவுக்குள், எப்போதாவது ஒரு விவரம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.’ 3 என்றால் ‘ஏறத்தாழ பாதி தாமதம், அடிக்கடி திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.’ இதை முன்னால் வைத்துக்கொண்டு 12க்கு 9 என்ற கணக்கைப் பார்த்தால் செல்வி எந்த வரியில் நிற்கிறார் என்பதில் குழப்பமே இல்லை. ‘நன்று’, ‘மிக நன்று’ என்று மட்டும் எழுதிய படிவத்தில் இந்தப் பிடிமானம் கிடைக்காது; அங்கே மறுபடியும் சக்திவேல்தான் அளவுகோலாகிவிடுவார்.

இரண்டாவது, போட்டது கோணியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. சனிக்கிழமை போட்ட மதிப்பெண்களை மூடி வைத்துவிட்டு, ஞாயிறு சாயங்காலம் வெற்றுத் தாளில் அதே எட்டுப் பேருக்கும் கீழிருந்து மேலாகப் போட வேண்டும். இப்போது செல்விக்கு முன்னால் வருபவர் சாந்தி. சாந்திக்கு 2 போட்ட கையோடு செல்விக்கு 4 விழுகிறது என்றால், சனிக்கிழமை 3க்கும் ஞாயிறு 4க்கும் நடுவில் செல்வி எதுவும் செய்துவிடவில்லை. வரிசை மட்டும்தான் மாறியது. அப்போது இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி மூன்றரை போடக்கூடாது. கோப்பைத் திறந்து, மூன்று அறிக்கைகளை எடுத்து, எழுதிவைத்த வரிகளோடு பொருத்தித் தீர்மானிக்க வேண்டும். எட்டுப் பேரில் மதிப்பெண் மாறியவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு நடுத்தரக்காரர்களாகத்தான் இருப்பார்கள் என்பதால், இந்த வேலை பயமுறுத்துகிற அளவுக்கு நீளாது.

இதற்கும் எல்லை உண்டு. ‘பெல் கர்வ்’ வைத்திருக்கும் கம்பெனிகளில் இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த மதிப்பெண் என்று மேலிருந்தே ஒதுக்கீடு வந்துவிடும். அங்கே ஒப்பிடுவது பிழை என்று சொல்ல முடியாது, அதுதான் விதி. ஆனால் எட்டுப் பேரையும் ஒட்டுமொத்தமாக ஒப்பிடுவது வேறு, பக்கத்து ஒருவரோடு மட்டும் ஒப்பிடுவது வேறு. மேனேஜர்கள் கூடி மதிப்பெண்களைச் சமன்செய்யும் கூட்டத்திலும் ஆட்கள் ஒவ்வொருவராகத்தான் பேச்சுக்கு வருகிறார்கள். பெரும்பாலும் நட்சத்திரங்களில் ஆரம்பிப்பார்கள், எல்லோருக்கும் உற்சாகமான பேச்சு அது. முதல் அரை மணி நேரம் அதில் போன பிறகு வரும் நடுத்தரப் பெயருக்கு ஆதரவாகப் பேச அவருடைய மேனேஜரிடம் ஒரு எண் மட்டும் இருந்தால் அந்த எண் இறங்கும். 12க்கு 9 என்கிற தாள் கையில் இருந்தால், இறக்கச் சொல்பவர் அந்தத் தாளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.