கண்ணுக்கு எழுதிய நோட்டீஸ் காதுக்கு எடுபடுமா? ஒரு மிக்ஸி ரிப்பேர் கடை விளம்பரம் ரேடியோவுக்கு மாறும் விதம்

செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் பக்கம் காலையில் நாளிதழைப் பிரித்தால் உள்ளேயிருந்து இரண்டு நோட்டீஸாவது விழும். புது பிரியாணி கடை, டியூஷன் சென்டர், எலெக்ட்ரிகல் கடை என்று ஏதாவது ஒன்று. அந்த நோட்டீஸை அப்படியே ஒருவரைப் படிக்க வைத்து, பதிவு செய்து, ரேடியோவுக்கோ ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோவுக்கோ கொடுத்துவிடும் கடைக்காரர்கள் உண்டு. காசு செலவாகும், ஆனால் கேட்டவருக்குக் கடை பெயர்கூட நினைவில் நிற்காது. ஏன்?

சின்னக் கடைகளுக்கு ரேடியோ எட்டாத தூரத்தில் இல்லை. 2004-இல் சென்னையில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். போன்ற சமுதாய வானொலிகளில் உள்ளூர் வியாபாரம், உள்ளூர் சேவைகள் பற்றிய விளம்பரங்களுக்கு அனுமதி உண்டு. 2024 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டு நெறிகளின்படி, இந்த நிலையங்கள் ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரை விளம்பரம் ஒலிபரப்பலாம். அதற்கு முன்பு 7 நிமிடம்தான். விளம்பரக் கட்டணம் 10 விநாடிக் கணக்கில் போடப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு விநாடியும் கடைக்காரரின் கைக்காசு. எதைச் சொல்வது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் இங்கே பெரிய கேள்வி.

நோட்டீஸில் இருப்பது என்ன?

உதாரணத்துக்கு, செம்பாக்கத்தில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் 'நம்ம மிக்ஸி கடை'. அதன் நோட்டீஸ் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"எங்களிடம் அனைத்து கம்பெனி மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன், சீலிங் ஃபேன், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவை சிறந்த முறையில் பழுது நீக்கித் தரப்படும். காயில் ரீவைண்டிங் செய்து தரப்படும். கப்ளர், கார்பன் பிரஷ், ஜார் புஷ் மற்றும் அனைத்து ஸ்பேர்களும் கிடைக்கும். குறைந்த கட்டணம், நிறைவான சேவை. காலை 9.30 முதல் இரவு 9 வரை. ஞாயிறு மதியம் 1 மணி வரை. ஒருமுறை வாரீர்!" கீழே கதவு எண், தெருப் பெயர், இரண்டு செல்போன் எண்கள்.

தாளில் இதில் பெரிய தப்பு இல்லை. ஃபேன் ஓடாதவர் 'ஃபேன்' என்ற சொல்லைக் கண்ணால் தேடிப் பிடிப்பார். நோட்டீஸை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து எண்ணைப் பார்த்துக்கூடப் போன் செய்வார். கண்ணால் பின்னோக்கிப் போக முடியும், வேண்டாததைத் தாண்ட முடியும்.

காதுக்கு இந்த வசதி கிடையாது. ஆறு பொருள்களை வரிசையாகச் சொன்னால், நான்காவது வருவதற்குள் முதலாவது மறந்துபோகும். பத்து இலக்க எண்ணை, தோசை திருப்பிக்கொண்டிருப்பவர் எழுதிக்கொள்ளப் போவதில்லை. 'செய்து தரப்படும்' என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை. அதனால் அது காதில் விழுந்ததும் 'யாரோ எதையோ படிக்கிறாங்க' என்று மனசு வேறு பக்கம் போய்விடும்.

முதல் வேலை: ஒன்றை மட்டும் எடுப்பது

ஆறு பொருளில் எதை எடுப்பது? கேட்கும்போதே படம் வருவதை எடுக்க வேண்டும். அயர்ன் பாக்ஸ் ரிப்பேரானால் சத்தம் வராது. மிக்ஸி அப்படியல்ல. காலை நேர மிக்ஸி சத்தம் எல்லோருக்கும் தெரியும். அது கெட்டுப்போனாலும் சத்தத்திலேயே தெரியும்.

மிக்ஸியிலும் ஒரே ஒரு பழுதைத்தான் எடுக்க வேண்டும். மோட்டாரின் சுழற்சியை ஜாருக்குக் கொண்டுபோவது கப்ளர் என்ற சின்னத் துண்டு. அதன் பற்கள் தேய்ந்துவிட்டால் மோட்டார் 'ங்ங்ங்' என்று வேகமாக ஓடும், ஜாருக்குள் பிளேடு சரியாகச் சுற்றாது, தேங்காய் அப்படியே கிடக்கும். மோட்டாரே போய்விட்டது என்று நினைத்துப் பலர் புது மிக்ஸி வாங்கக் கிளம்பிவிடுவார்கள். கடைக்காரருக்கு இது சில நிமிட வேலை, சின்னச் செலவு. கேட்பவருக்கோ புது மிக்ஸி வாங்கும் பணம் மிச்சம். விளம்பரத்துக்கான விஷயம் இதுதான். கார்பன் பிரஷ், காயில், ஜார் புஷ் எல்லாம் கடைக்கு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

இரண்டாவது வேலை: விநாடிக் கணக்கு

நிதானமாகப் பேசினால் தமிழில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு சொற்கள் போகும். நம் சொற்கள் நீளமானவை. 'நேரத்துல' என்பது ஒரு சொல், ஆனால் இங்கிலீஷில் அதற்கு இரண்டு சொல் வேண்டும். எனவே 30 விநாடி விளம்பரத்தில் ஓசைக்கு 5 விநாடி ஒதுக்கினால், பேச்சுக்கு 50 சொல்தான் மிஞ்சும். நோட்டீஸை அப்படியே படித்தால், முகவரிக்குப் போவதற்குள்ளேயே நேரம் முடிந்துவிடும். அவசரமாகப் படித்து அடைத்தால் ஒரு வார்த்தையும் புரியாது.

இப்போது மாற்றிய வடிவம்:

(ஓசை: மிக்ஸி மோட்டார் வேகமாக ஓடுகிறது, எதுவும் அரையவில்லை. 3 விநாடி. நிற்கிறது.)

மகன்: அம்மா, மிக்ஸி சுத்துது... தேங்காய் அப்படியே இருக்கே!

அம்மா: மோட்டார் போச்சுடா. புதுசுதான் வாங்கணும்.

கடைக்காரர்: இருங்கம்மா! மோட்டார் சத்தம் வருதுல்ல? அப்போ தேஞ்சு போனது கப்ளரா இருக்கும். சின்ன ரப்பர் துண்டு. எடுத்துட்டு வாங்க, அரை மணி நேரத்துல மாத்தித் தர்றோம்.

(ஓசை: மிக்ஸி சரியாக அரைக்கிறது. 2 விநாடி.)

மகன்: சட்னி ரெடிம்மா!

கடைக்காரர்: செம்பாக்கம், காமராஜபுரம் பஸ் ஸ்டாப் எதிர்ல, நம்ம மிக்ஸி கடை. மிக்ஸி நின்னா, காமராஜபுரம் பஸ் ஸ்டாப் எதிர்ல... நம்ம மிக்ஸி கடை.

எண்ணிப் பாருங்கள், 48 சொற்கள்.

ஏன் இப்படி மாறியது?

முதலில் ஓசை. ஆனால் ஓசையை மட்டும் நம்பக் கூடாது. சின்ன ஸ்பீக்கரிலும் ஆட்டோவில் கட்டும் ஹார்னிலும் மிக்ஸி சத்தம் பைக் சத்தம் மாதிரி கேட்கலாம். அதனால்தான் மகன் பேசும் முதல் வரியிலேயே 'மிக்ஸி' என்ற சொல் வந்துவிடுகிறது. எந்த ஓசை போட்டாலும் அடுத்த வரி அதற்குப் பெயர் சொல்ல வேண்டும். ஹாரன், சைரன் போன்ற ஓசைகளைத் தொடவே கூடாது. வேளச்சேரி சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர் மிரண்டு பிரேக் போட்டுவிடுவார்.

அடுத்தது 'இருக்கும்' என்ற சொல். 'கப்ளர்தான்' என்று அடித்துச் சொல்லவில்லை. ஜாருக்குள் பிளேடு இறுகிப் போயிருந்தாலும் இதே மாதிரி நடக்கும். அடித்துச் சொல்லிவிட்டு, கடையில் வேறு பழுது, வேறு பில் என்றால் வாடிக்கையாளர் கோபப்படுவார். 'அரை மணி நேரம்' என்பதும் அப்படித்தான். பலர் வீட்டில் இருக்கும் மாடல்களுக்கான கப்ளர்கள் கடையில் ஸ்டாக் இருந்தால்தான் அதைச் சொல்லலாம். இல்லாவிட்டால் 'அன்னைக்கே' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். 'குறைந்த கட்டணம், நிறைவான சேவை' முழுசாகப் போய்விட்டது. எல்லாக் கடையும் சொல்வதால் அது யார் காதிலும் ஏறாது. அந்த வேலையை 'புதுசு வாங்கணும்' என்ற அம்மாவின் பயமும் 'சின்ன ரப்பர் துண்டு' என்ற பதிலும் செய்துவிடுகின்றன.

முகவரியில் கதவு எண் இல்லை, போன் எண் இல்லை. கேட்பவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் ஓர் இடத்தோடு கடையைக் கட்டிவிடுகிறோம். கேம்ப் ரோட்டிலிருந்து மேடவாக்கம் பக்கம் பஸ்ஸில் போகிறவருக்கு காமராஜபுரம் ஸ்டாப் தெரியும். இடமும் பெயரும் இரண்டு தடவை வருகின்றன. முதல் தடவை கவனிக்காதவர் இரண்டாவதில் பிடித்துக்கொள்வார். கடைசியாகக் காதில் நிற்பது கடைப் பெயர்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. 'எஸ்.எம். எலெக்ட்ரிகல்ஸ்' என்றால் காதுக்கு 'எஸ்.என்.' என்றும் கேட்கும். போர்டில் இனிஷியல் பெயர் இருந்தால், ஊர் அந்தக் கடையைக் கூப்பிடும் பெயரை ரேடியோவில் சொல்வதே நல்லது. ஆனால் அந்தப் பெயர் கடை போர்டிலும் சின்னதாகவாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் தேடி வந்தவர் வாசலில் நின்று குழம்புவார்.

பணம் குறைவென்றால்?

10 விநாடிக்கு இன்னொரு வடிவம் வேண்டும். 30 விநாடியை வேகமாகப் படிப்பது தீர்வு ஆகாது. கேள்வி, பதில், இடம், பெயர் என நான்கே படிகள்:

"மிக்ஸி சுத்துது, சட்னி அரையலையா? கப்ளர் தேஞ்சிருக்கும். அரை மணி நேரத்துல மாத்தலாம். காமராஜபுரம் பஸ் ஸ்டாப் எதிர்ல, நம்ம மிக்ஸி கடை."

இது 17 சொற்கள், ஏறத்தாழ 9 விநாடி. ஸ்பீக்கர் ஆட்டோவுக்கும் இதுதான் சரி. ஆட்டோ ஒரு வீட்டு வாசலைத் தாண்டும் நேரம் கொஞ்சம்தான். 30 விநாடி வடிவத்தைப் போட்டால் ஒரு வீட்டுக்குச் சட்னி மட்டும் கேட்கும், அடுத்த வீட்டுக்குப் பஸ் ஸ்டாப் மட்டும் கேட்கும்.

பதிவுக்கு முன் ஒரு சோதனை

போனிலேயே பேசிப் பதிவு செய்யுங்கள். மிக்ஸிக்குப் பக்கத்தில் போனை வைத்தால் சத்தம் உடைந்து கரகரக்கும். நாலைந்து அடி தள்ளி வையுங்கள். பிறகு, விஷயம் தெரியாத ஒருவர் சமைக்கும்போதோ துணி மடிக்கும்போதோ ஒரே ஒரு முறை ஓட விடுங்கள். பத்து நிமிடம் கழித்து மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன கடை? எங்கே இருக்கு? எப்போ போகணும்?

'ஏதோ மிக்ஸி விளம்பரம்' என்று பதில் வந்தால், உங்கள் காசில் மிக்ஸி கம்பெனிக்கு விளம்பரம் செய்திருக்கிறீர்கள் என்று பொருள். அப்போது 'ரிப்பேர்' என்ற எண்ணம் இன்னும் முன்னால் வர வேண்டும், அம்மாவின் வரியைச் சுருக்க வேண்டும். இடம் தெரியவில்லை என்றால், வேறு எதையாவது வெட்டிவிட்டு பஸ் ஸ்டாப்பை மூன்றாவது முறை சொல்லுங்கள்.

பணம் கட்டும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சமுதாய வானொலிகளின் ஒலிபரப்புத் திறன் குறைவு, சில கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் தெளிவாகக் கேட்கும். உங்கள் தெருவிலும், வாடிக்கையாளர்கள் வரும் தெருக்களிலும் அந்த நிலையம் எடுக்கிறதா என்று ஒரு எஃப்.எம். ரேடியோவை வைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய நோட்டீஸைத் தூக்கிப் போட வேண்டாம். கதவு எண்ணும் போன் எண்ணும் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கட்டும், காதுக்கு பஸ் ஸ்டாப் போதும்.