படிவத்தில் நான்கு கட்டங்கள்

பள்ளிச் சேர்க்கைப் படிவம், தேர்வு விண்ணப்பம் போன்றவற்றில் தாய்மொழி, தேசிய இனம், சமயம், சொந்த ஊர் என்னும் கட்டங்களைக் கண்டிருப்பீர்கள். தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் மாணவர் பலர் முதற்கட்டத்திலேயே தயங்குவர். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி, விளையாட்டுத் திடலில் வேறொரு மொழி என இருக்கும்போது எதை எழுதுவது?

இதற்கு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தெளிவான விளக்கம் தருகிறது. குழந்தைப் பருவத்தில் தாய் தம் குழந்தையிடம் பேசிய மொழியே அக்குழந்தையின் தாய்மொழி. தாய் முன்பே இறந்திருந்தால், அப்பருவத்தில் வீட்டில் பெரிதும் பேசப்பட்ட மொழியைக் கொள்ள வேண்டும். இவ்விளக்கத்தில் எழுதப் படிக்கத் தெரிதல் பற்றிய நிபந்தனை ஏதும் இல்லை. ஆகவே, 'எனக்குத் தமிழ் எழுத்து வராது' என்பதற்காக ஒருவர் இந்தி என்று எழுத வேண்டியதில்லை. அவர் அறிந்த பிற மொழிகளைக் கணக்கெடுப்பில் தனியே கேட்டுக் குறிப்பர்.

நாகபுரியில் பிறந்து, இப்போது தில்லியில் படிக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். அவளுடைய தந்தையின் ஊர் தஞ்சாவூர். தாயோ கன்னடக் குடும்பத்தில் பிறந்தவர். எனினும், திருமணத்திற்குப் பின் தமிழ் கற்று, மகளிடம் தமிழிலேயே பேசி வளர்த்தார். தாயின் தாய்மொழி கன்னடம். மகளின் தாய்மொழி தமிழ். ஒரே வீட்டில் உள்ளோர் அனைவருக்கும் தாய்மொழி ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது இல்லை.

அடுத்த கட்டத்தில் 'இனம்' என்ற சொல்லைக் கண்டு சிலர் 'தமிழர்' என்று எழுதிவிடுவர். அங்குக் கேட்கப்படுவது நாட்டுரிமை. அம்மாணவி இந்தியக் குடிமகள். எனவே 'இந்தியர்' என்பதே விடை. சமயத்தைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக. பெயரைக் கொண்டு ஊகித்தலும், சமயத்திற்குரிய கட்டத்தில் சாதிப்பெயரை எழுதுதலும் பிழை.

மிகுதியான குழப்பம் சொந்த ஊரில்தான். நம் வீடுகளில் 'உங்களுக்கு எந்த ஊர்?' என்று கேட்டால், பாட்டனார் வாழ்ந்த ஊரைச் சொல்வதே வழக்கம். அக்கேள்விக்கு அம்மாணவி 'தஞ்சாவூர்' என்று சொல்வது முற்றிலும் பொருந்தும். சொந்த ஊர் என்னும் கட்டத்திலும் அதனையே எழுதலாம். ஆனால், படிவத்தில் 'பிறந்த இடம்' என்று இருந்தால் 'நாகபுரி' என்றே எழுத வேண்டும். பிறப்புச் சான்றிதழில் உள்ள ஊர் அதுவே. பின்னர்க் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பிறந்த இடத்தைக் கேட்பர். ஓர் ஆவணத்தில் தஞ்சாவூரும் மற்றொன்றில் நாகபுரியும் இருந்தால், திருத்தம் கோரி அலைய நேரிடும். 'நிலையான முகவரி' என்பது இவ்விரண்டினும் வேறானது. அங்கு ஊர்ப்பெயர் மட்டும் போதாது. கடிதம் அனுப்பினால் வந்து சேரும்படி கதவு எண், தெரு, அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றையும் எழுத வேண்டும். தஞ்சாவூரில் பழைய வீடு விற்கப்பட்டிருந்தால், அம்முகவரியை அங்கு எழுதுவதிற் பயனில்லை.